காரணம் தெரியாதபோது என்ன எழுதுவது? ஒரு சாப்பாட்டுக்கடை உரிமையாளரின் பதில்

“மதியம் ஒன்றரைக்குப் போய் ஐம்பது நிமிடம் காத்திருந்தோம். நண்டுக்கறியில் ஒரு மணம் இருந்தது. இரவு இரண்டு மணிக்கு எனக்கும் மூத்த பிள்ளைக்கும் வாந்தி. பழுதான நண்டைச் சூடாக்கித் தந்திருக்கிறார்கள். ஊர்ச்சனம் என்று நம்பிப் போகாதீர்கள்.”

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பெண், ஏ9 வீதியோரமுள்ள ஒரு சாப்பாட்டுக்கடையைப் பற்றி கூகுள் வரைபடத்தில் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் இது. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அந்தக் கடையில் ஆறு மேசைகள். உரிமையாளரும் சமையல் செய்யும் இருவரும் பெண்கள். மூவரும் 2009க்குப் பிறகு முகாமிலிருந்து வெறுங்கையோடு வந்தவர்கள். கடன் எடுத்துத் தொடங்கிய கடை. கடன் இன்னும் முடியவில்லை.

நான் இப்பகுதியில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். கூகுளில் கடையைப் பதிந்து கொடுப்பதும், அங்கே வரும் விமர்சனங்களுக்குப் பதில் எழுத உதவுவதும் சில வருடங்களாக அந்த வேலையோடு சேர்ந்துவிட்டன. நான் பார்த்த பதில்களில் எழுதக் கடினமானது ஒருவகைதான். குற்றம் தன்னுடையதா இல்லையா என்று உரிமையாளருக்கே தெரியாது. ஆனாலும் வந்தவருக்கு ஏதாவது செய்ய வேண்டும். அப்படியான ஒரு பதில் எப்படி எழுதப்பட்டது என்பதை உரிமையாளரின் அனுமதியோடு இங்கே விரிவாக எழுதுகிறேன். கடையை அடையாளம் காட்டும் விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் நட்டம் எங்கே என்று பார்ப்போம். அந்தக் கடைக்கு அதுவரை 38 விமர்சனங்கள் வந்திருந்தன, சராசரி 4.5. ஒரு நட்சத்திரத்தோடு 39ஆவது வந்ததும் சராசரி 4.4 ஆனது. எண்ணில் விழுந்த அடி அவ்வளவுதான். ஆனால் கடையைத் தேடுபவர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிக் கடைசியாக வந்ததைத்தான் வாசிப்பார். “வாந்தி” என்ற சொல் அங்கே இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் எழுதப்படாவிட்டால், அந்தச் சொல்தான் கடையின் கடைசி வார்த்தை.

கடை உரிமையாளர் தன் கடையின் பக்கத்தைத் தனதென்று உறுதிப்படுத்தியிருந்தால் ஒவ்வொரு விமர்சனத்தின் கீழும் பதில் எழுதலாம். அது உரிமையாளரின் பதில் என்ற அடையாளத்தோடு எல்லோருக்கும் தெரியும். எழுதியவருக்கும் அறிவித்தல் போகும். பிறகு அதைத் திருத்தவும் நீக்கவும் முடியும். ஆனால் திருத்துவதற்கு முன் யாராவது படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் அதைத் திருத்த முடியாது. “இதை அழிக்கச் சொல்லி கூகுளுக்கு எழுதேலாதோ?” என்று உரிமையாளர் கேட்டார். முறைப்பாடு செய்ய வசதி உண்டு. ஆனால் அது வசைமொழி, போலி விமர்சனம், தொடர்பில்லாத பதிவு போன்றவற்றுக்கானது. வாடிக்கையாளருக்கும் கடைக்கும் நடந்த விடயத்தில் யார் சொல்வது உண்மை என்று கூகுள் தீர்ப்புச் சொல்வதில்லை. வந்து சாப்பிட்ட ஒருவர் தன் அனுபவத்தை எழுதினால் அது அங்கேதான் இருக்கும்.

முதல்நாள் இரவு உரிமையாளரின் மகன் ஒரு பதிலை எழுதி வைத்திருந்தான். “எங்கட கடையில ஒருநாளும் பழுதான சாமான் சமைக்கிறேல்லை. அண்டைக்கு எத்தனையோ பேர் அதே கறி சாப்பிட்டவை. நீங்கள் வேற எங்கையோ சாப்பிட்டிட்டு வந்து எங்கட தலையில போடாதேங்கோ. வெளிநாட்டுக் காசு இருக்கெண்டு ஏழையளின்ர வயித்தில அடிக்காதேங்கோ.” கோபம் நியாயமானது. ஆனால் அந்தப் பதிலில் கடை உண்மையில் அறிந்த விடயம் ஒன்றுதான்: வேறு பலரும் சாப்பிட்டார்கள். மற்றதெல்லாம் ஊகம்.

மறுநாள் காலையில் தாய் எழுதியது அதற்கு நேர் எதிர். “நடந்த தவறுக்கு மன்னித்துக் கொள்ளுங்கள். இனிமேல் இப்படி நடக்காது. பிள்ளையின் மருந்துச் செலவு எவ்வளவு என்றாலும் தருகிறோம்.” அவருக்குப் பிள்ளை சுகமில்லாமல் கிடந்தது மட்டுமே கண்ணில் நின்றது. இதையும் அனுப்ப வேண்டாம் என்றேன். ஏன் என்பதை விளக்க, அந்த நாளை மணி மணியாக எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பில் புத்தகத்தின் பிரதியும் கொள்வனவுக் கொப்பியும் கடையில் இருந்தன. இந்த இரண்டும் இல்லாத கடை இந்தக் கட்டத்திலேயே தடுமாறிவிடும். நண்டு அன்று காலை சந்தையில் வாங்கியது. சமைத்து இறக்கியது பகல் பன்னிரண்டரை. அந்தக் குடும்பம் வந்தது ஒன்றரைக்கு. அந்நேரம் இரண்டு வான்களில் வந்த சுற்றுலாக்காரருக்கும் பரிமாற வேண்டியிருந்ததால், அவர்களின் மேசைக்குச் சாப்பாடு வந்தது ஏறத்தாழ இரண்டு இருபதுக்கு. ஆக, கறி கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் அடுப்பங்கரையில் இருந்திருக்கிறது. தணலில் இருந்தது என்கிறார் சமைத்தவர். அந்தத் தணல் சட்டியை எவ்வளவு சூட்டில் வைத்திருந்தது என்று யாரும் அளக்கவில்லை. சமைத்த உணவைச் சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது, பரிமாறும் வரை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கறி அந்த எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது எவருக்கும் தெரியாது.

இனி வாந்தி தொடங்கிய நேரம். சாப்பிட்டு ஏறத்தாழ பன்னிரண்டு மணித்தியாலத்தின் பின். சமைத்த உணவு சூடு ஆறிக் கிடக்கும்போது சில கிருமிகள் நஞ்சை உண்டாக்கும். அப்படியான நஞ்சால் வரும் வாந்தி பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். சல்மொனெல்லா போன்ற கிருமி என்றால் ஆறு மணித்தியாலத்திலிருந்து ஆறு நாள் வரை எடுக்கலாம். நொரோ வைரஸ் என்றால் பன்னிரண்டிலிருந்து நாற்பத்தெட்டு மணித்தியாலம். அது நண்டிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை, பரிமாறியவரின் கையிலிருந்தும், வீட்டில் இன்னொரு பிள்ளையிடமிருந்தும் வரலாம். மனிதர் வாந்தி எடுத்ததும் கடைசியாகக் கடையில் சாப்பிட்டதையே நினைப்பார். அது சில வேளை சரி, சில வேளை பிழை.

இதை மகனிடம் சொன்னபோது, “அப்ப பன்னிரண்டு மணித்தியாலம் எண்டா நாங்கள் இல்லைத்தானே? அதை எழுதுவம்” என்றான். எழுதக்கூடாது. பன்னிரண்டு மணித்தியாலம் ஒருவகைக் காரணத்தின் வாய்ப்பைக் குறைக்கிறது, வேறு வகைகளை அப்படியே விட்டுவைக்கிறது. அதற்கு மேல், இரவு முழுவதும் பிள்ளைக்கு முதுகு தடவிய தாயிடம் கிருமிக் கணக்குச் சொல்லும் கடைக்கு வேறு எவரும் சாப்பிட வரமாட்டார்கள். அந்தக் கணக்கின் பயன் வேறு: உரிமையாளர் “எங்கள் பிழை” என்றும் சொல்ல முடியாது, “எங்கள் பிழையில்லை” என்றும் சொல்ல முடியாது என்பதை அவருக்கே அது தெளிவாக்கியது.

சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. நம் நாட்டின் 1895ஆம் ஆண்டுச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வழக்கிலுள்ள ஒரு விடயம் பற்றி ஏதாவது அனுமானத்துக்கு இடங்கொடுக்கும் வாய்மொழி அல்லது எழுத்துக் கூற்றை ஏற்புரையாகக் கருதுகிறது. “நடந்த தவறுக்கு மன்னியுங்கள்” என்று எல்லோரும் பார்க்க எழுதிக் கையொப்பம் வைத்தால் அது அப்படியே அதற்குள் விழும். சமரசப் பேச்சில் சொன்னதைச் சாட்சியாகக் காட்டுவதில்லை என்று இரு தரப்பும் உடன்பட்டிருந்தால் 23ஆம் பிரிவு பாதுகாப்புத் தரும். ஆனால் பகிரங்கப் பதிலில் அப்படியொரு உடன்பாடு கிடையாது. ரொறன்ரோவில் நிலை வேறு. ஒன்ராறியோ மாகாணம் 2009இல் மன்னிப்புக் கோரலுக்கென்றே ஒரு சட்டம் கொண்டு வந்தது. அங்கே ஒருவர் மன்னிப்புக் கேட்டால், அந்த வார்த்தையை எடுத்து அவர் பொறுப்பை ஒப்புக்கொண்டார் என்று குடியியல் வழக்கில் காட்ட முடியாது. ஆகவே அங்கிருந்து வருபவர் “சொறி” என்ற சொல்லை இலகுவாக எதிர்பார்ப்பதிலும், இங்குள்ள கடைக்காரர் அதற்குத் தயங்குவதிலும் அந்தந்த இடத்தின் சட்டத்துக்கும் பங்கிருக்கிறது.

ஒரு சாப்பாட்டுக்கடை விடயம் நீதிமன்றம் வரை போவது அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உரிமையாளரைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து வேறு. தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல ஒப்புக்கொண்டால், சமைத்த இரு பெண்களில் ஒருவர் பழுதான நண்டை அறிந்தே போட்டார் என்றாகிவிடும். அந்த அக்காவுக்குப் பிறகு எந்தக் கடையில் வேலை கிடைக்கும்?

இப்போது அனுப்பிய பதில். இரண்டு நாள் எடுத்து எழுதியது.

“வணக்கம். அன்றிரவு உங்களுக்கும் பிள்ளைக்கும் சுகமில்லாமல் போனதை வாசித்துக் கவலைப்பட்டோம். இப்போது இருவரும் தேறிவிட்டீர்கள் என்று நம்புகிறோம்.

நீங்கள் ஐம்பது நிமிடம் காத்திருந்தது உண்மை. அந்நேரம் இரண்டு வான்களில் வந்தவர்களுக்கும் பரிமாறிக்கொண்டிருந்தோம். நேரமெடுக்கும் என்று நீங்கள் உட்கார முன்னரே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

நண்டு அன்று காலை வாங்கியது, பகல் 12.30க்குச் சமைத்தது. உங்கள் சுகவீனத்துக்கு என்ன காரணம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அதனால் எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் உங்கள் பதிவைக் காட்டி, சமையலறையைப் பார்க்கும்படி கேட்டிருக்கிறோம். அவர் சொல்வதை இதே இடத்தில் எழுதுவோம்.

காரணம் எதுவாக இருந்தாலும், அன்றைய சாப்பாட்டுக் காசை முழுவதாகத் திருப்பித் தர விரும்புகிறோம். அதற்காக நீங்கள் எழுதியதை மாற்றவோ நீக்கவோ வேண்டாம். பில்லின் பிரதி எங்களிடம் இருக்கிறது. இந்தப் பக்கத்திலுள்ள கடை இலக்கத்துக்கு எடுங்கள்.”

முதல் வரியில் “கவலைப்பட்டோம்” என்று இருக்கிறது. உரிமையாளர் வீட்டில் பேசும்போது பாவித்த சொல் அதுதான். “வருந்துகிறோம்” என்று போடலாம். ஆனால் அறிவித்தல் பலகைகளிலும் அரச கடிதங்களிலும் கிடந்து அந்தச் சொல் உயிரிழந்துவிட்டது. “மன்னிக்கவும்” என்று சுகவீனத்துக்குப் போட்டால் அது காரணத்தை ஏற்பதாகிவிடும். ஒருவர் நோயுற்றதற்குக் கவலைப்பட நாம் காரணமாக இருக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும் கவலைதான்.

காத்திருந்த ஐம்பது நிமிடத்துக்கு மட்டும் “மன்னிப்பு” என்ற சொல் வருகிறது. அது தெரிந்த விடயம். பில்லில் நேரம் இருக்கிறது. தெரிந்ததை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்ட பிறகுதான், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதை வாசிப்பவர் நம்புவார். எல்லாவற்றையும் மழுப்பும் பதிலில் உண்மையான “தெரியாது” கூட மழுப்பலாகத்தான் கேட்கும்.

எழுதும்போது மூன்று சொற்களை வெட்டினோம். ஒன்று, “தவறு நடந்திருந்தால்”. இந்த “இருந்தால்” வாசிப்பவரைப் பொய்யராக்கும் ஒரு சந்தேகத்தை உள்ளே கொண்டு வருகிறது. அவருக்கு வாந்தி வந்தது. அதில் “இருந்தால்” இல்லை. இரண்டு, “உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்”. இது மரியாதையாகச் சொல்லப்படும் அவமதிப்பு. மூன்று, தாய் எழுதிய “இனிமேல்”. “இனிமேல் நல்ல நண்டுதான் சமைப்போம்” என்றால் இதுவரை சமைத்தது என்ன? திருத்தம் ஒன்றைச் செய்வதாகச் சொல்லும்போது இந்தச் சொல்தான் உரிமையாளருக்குத் தெரியாமலே குற்றத்தை ஒப்புக்கொடுத்துவிடும். செய்யப்போவதை நிகழ்காலத்தில், யார் சொல்லிச் செய்கிறோம் என்பதோடு எழுதினால் அந்தச் சிக்கல் வராது.

மருத்துவச் செலவையும் பகிரங்கப் பதிலிலிருந்து எடுத்தோம். உரிமையாளருக்கு அது மனவருத்தம். சாப்பாட்டுக் காசு என்பது கடைக்கும் வந்தவருக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல். சாப்பாடு திருப்தியில்லை என்றால் காரணம் கேளாமலே திருப்பிக் கொடுக்கலாம், தொகையும் பில்லோடு முடிந்துவிடும். மருந்துச் செலவைத் தருகிறோம் என்பதை வாசிப்பவர் ஒருவகையில்தான் விளங்கிக்கொள்வார்: நோய்க்கு இவர்கள்தான் காரணம். எல்லையும் இல்லாத வாக்குறுதி அது. தொலைபேசியில் பேசும்போது, ஒருவருக்கொருவர் குரல் கேட்கும்போது, அதைச் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள் என்றேன்.

காசு தருவதை விமர்சனத்தோடு முடிச்சுப் போடாதது தற்செயலானதல்ல. எதிர்மறையான விமர்சனத்தை மாற்றவோ நீக்கவோ காசு, கழிவு, இலவசச் சாப்பாடு போன்றவற்றைக் கொடுப்பதை கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. விதி ஒருபுறம் இருக்கட்டும். “அழித்தால் தருகிறோம்” என்று ஒருமுறை எழுதிவிட்டால், அந்தப் பக்கத்திலுள்ள மற்ற 38 நல்ல விமர்சனங்களும் வாங்கப்பட்டவை என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள்.

தமிழில் எழுதியதன் கீழ் அதே பதில் ஆங்கிலத்திலும் போடப்பட்டது. மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட வேண்டாம் என்பது என் பிடிவாதம். கவலைக்கும் மன்னிப்புக்கும் நாம் தமிழில் பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளியை அது ஒரே சொல்லில் மூடிவிடலாம். படிப்பிக்கும் ஒரு ஆசிரியையிடம் கொடுத்து எழுதுவித்தோம்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கு இங்கே ஒரு முள் தைத்திருக்கும் என்று தெரியும். என்ன நடந்தது என்று சொல்லாமல் காசு தருகிறோம் என்ற பேச்சை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று 2022இல் அரசாங்கம் அறிவித்தபோது, வீதியோரக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்த தாய்மார் அதை மறுத்தார்கள். ஒரு நேரச் சாப்பாட்டை அதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் சொற்களைக் கேட்கும் காது ஒன்றுதான். உரிமையாளரே இதைச் சொன்னார்: “தம்பி, இது அவை எங்களுக்குச் சொல்லுற மாதிரிக் கிடக்கக்கூடாது.” பரிசோதகரை அழைத்த வரி அந்தக் கவலையிலிருந்து வந்ததுதான். நான் முதலில் எழுதிக் கொடுத்த வரைவில் அது இருக்கவில்லை. அவர் கேட்டுச் சேர்த்தது.

அந்த வரிதான் இந்தப் பதிலை மழுப்பலிலிருந்து பிரிக்கிறது என்று நினைக்கிறேன். குற்றத்தை ஏற்காமல் தீர்வு தரும் பதில் நேர்மையானதா என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி அறிவது? காசு கொடுப்பதோடு விசாரணை முடிகிறதா, தொடர்கிறதா என்று பார்க்கலாம். விசாரிப்பவர் கடையின் ஆளா, வெளியாளா என்று பார்க்கலாம். முடிவை எங்கே சொல்வோம் என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். “உள்ளகமாக விசாரித்து உரிய நடவடிக்கை எடுத்தோம்” என்று மட்டும் எழுதும் கடையில் நான் சாப்பிடமாட்டேன்.

இந்த வகைப் பதிலுக்கு எல்லையும் உண்டு. அன்று குளிர்சாதனப் பெட்டி நின்று போயிருந்தது, முதல்நாள் மிஞ்சிய நண்டைச் சேர்த்தார்கள் என்பது போன்ற ஒன்று விசாரிக்கும்போது தெரியவந்தால், “காரணம் தெரியவில்லை” என்ற வாக்கியம் அந்த நிமிடமே பொய்யாகிவிடும். அப்போது எழுத வேண்டியது வேறு பதில்: நடந்தது இது, பொறுப்பு எங்களுடையது. 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் மனித நுகர்வுக்கு ஒவ்வாத உணவை விற்பதைத் தடை செய்கிறது. அதைச் சொற்களால் சுற்றிப் போக முடியாது. அதேபோல் ஒரே நாளில் சாப்பிட்ட வேறு வேறு குடும்பங்களிலிருந்து இரண்டாவது முறைப்பாடு வந்தால், பதில் எழுதிக்கொண்டிருக்காமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கத்திலும் ஒன்று. நோய் வந்தால் விமர்சனம் எழுதுவதோடு நில்லாமல், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே அறிவித்தால் அவருக்குப் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கும். பில், விலை சம்பந்தமான முறைப்பாடு என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நான்கு நாள் கழித்து கூகுளில் எழுதும்போது அந்தச் சட்டி எத்தனையோ தரம் கழுவப்பட்டிருக்கும்.

பரிசோதகர் ஐந்தாம் நாள் வந்தார். நண்டு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அன்றைய கறியைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சமையலறையைச் சுற்றிப் பார்த்தார், கை கழுவும் இடத்தைப் பார்த்தார், தணல் அடுப்பைப் பார்த்தார். கடலுணவை ஒரே பெரிய சட்டியில் சமைத்து வைக்காமல் சிறிய சட்டிகளில் இரண்டு தடவையாகச் சமைக்கச் சொன்னார். கறி கொதிநிலைக்கு வந்து இறக்கிய நேரத்தை எழுதி வைக்கச் சொன்னார். ஒவ்வொரு கறியிலும் ஒரு சிறங்கை அளவைச் சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில், திகதி எழுதி, மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருங்கள், அடுத்த முறை ஒருவர் கேட்டால் காட்ட ஒன்று இருக்கும் என்றார். பெரிய விடுதிகளில் நடைமுறையிலுள்ள விடயம்தான். ஆறு மேசைக் கடையில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

உரிமையாளர் பதிலைத் திருத்தி அடியில் இதைச் சேர்த்தார்: “பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். அன்றைய கறி மீதமில்லாததால் காரணத்தைச் சொல்ல முடியாது என்றார். கடலுணவைச் சிறிய அளவில் இரண்டு தடவையாகச் சமைக்கும்படி கூறினார், அப்படிச் செய்கிறோம். சமைத்த நேரம் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது, நீங்களே பார்க்கலாம்.” இங்கே “இனிமேல்” இல்லை. திருத்தம் அவருடைய ஆலோசனையாக வருகிறது. அது உண்மையும் கூட.

இதனால் செலவு கூடியது. விறகு கூட வேண்டும், சமைப்பவருக்கு மதியத்தில் கிடைத்த அரைமணி ஓய்வு போனது. இரண்டு மணிக்குப் பிறகு நண்டு முடிந்துவிட்டது என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டிய நாட்களும் உண்டு. மகனுக்கு இன்னும் இதில் முழு உடன்பாடில்லை. “செய்யாத பிழைக்கு ஏன் திருத்தம்?” என்று கேட்கிறான். செய்யவில்லை என்பதும் தெரியாதே என்று தாய் சொல்கிறார். இந்த வாதம் கடை பூட்டும் நேரத்தில் இப்போதும் நடக்கிறது.

ஒன்பதாம் நாள் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளை சுகம் என்றார். காசு வேண்டாம், காசுக்காக எழுதவில்லை என்றார். பரிசோதகர் உண்மையிலேயே வந்தாரா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு எந்த ஊர், எந்த முகாமில் இருந்தீர்கள் என்று பேச்சு வேறு எங்கோ போய், அரைமணி நேரம் போயிற்று என்று உரிமையாளர் சொன்னார்.

நட்சத்திரம் இன்றும் ஒன்றுதான். விமர்சனத்தில் மற்ற வரிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. “ஊர்ச்சனம் என்று நம்பிப் போகாதீர்கள்” என்ற கடைசி வரியை மட்டும் அவர் எடுத்துவிட்டார்.